ஒரு கீழ் எண்ணும் ஒரு மோல் ஹைட்ரஜனும்

இரவு ஒன்பது மணிக்கு என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோடு போட்ட நோட்டில், பென்சிலால் அழுத்தி எழுதிய ஒரு கணக்கு. கூடவே குரல் பதிவு: "பெரியம்மா, இதுல விடை 1.125 வருது. புத்தகத்துல 1-னு போட்டிருக்கு. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். சமன்பாடும் சமமாத்தான் இருக்கு. புத்தகம் தப்பா?"

கணக்கு இதுதான். பழுக்கக் காய்ந்த இரும்பின் மீது நீராவியைச் செலுத்தினால் இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். 42 கிராம் இரும்பின் மீது போதுமான அளவு நீராவியைச் செலுத்தினால் எத்தனை மோல் ஹைட்ரஜன் கிடைக்கும்?

பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள் நான். பிள்ளைகளின் கூட்டல் கழித்தலில் பிழை தேடுவது கைவந்த பழக்கம். அவள் கணக்கை மூன்று முறை பார்த்தும் பிழை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரியிலிருந்து சரியாகவே வந்திருந்தது. விடை மட்டும் தவறு. அப்படியென்றால் பிழை முதல் வரிக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

"இந்தச் சமன்பாட்டை எங்கிருந்து எழுதின?" என்று கேட்டேன். காய்ச்சலால் அவள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. தோழி கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதினாளாம். அந்தப் படத்தையே அனுப்பச் சொன்னேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து சாய்வாக எடுத்த படம். ஜன்னல் வெளிச்சம் பலகையின் வலப்பக்கம் வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. `Fe + H₂O →` வரை தெளிவாக இருந்தது. அதன் பிறகு Fe, அதன் காலடியில் ஒரு சின்ன எண், பிறகு O, அதன் காலடியில் இன்னொரு சின்ன எண். இரண்டாவது எண்ணின் மேல்பாதியை வெளிச்சம் தின்றுவிட்டது. கடைசியில் H₂ மறுபடி தெளிவு. இவள் அதை `Fe₂O₃` என்று படித்திருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆசிரியரின் கையெழுத்தில் 2 எப்படி இருக்கிறது என்பதற்கு அதே பலகையில் இரண்டு சாட்சிகள் இருந்தன. H₂O-வில் ஒன்று, H₂-வில் ஒன்று. இரண்டுக்கும் அடியில் தட்டையான ஒரு கோடு, வலப்பக்கம் வாலைப் போல நீண்டிருந்தது. Fe-யின் காலடியில் இருந்த எண்ணுக்கு அந்தத் தட்டை அடி இல்லை. அது உருண்டு இடப்பக்கம் திரும்பியிருந்தது. அது 3. O-வின் காலடியில் வெளிச்சத்துக்குத் தப்பிய கீழ்ப்பாதியில் வளைவே இல்லை, நேராக இறங்கும் ஒற்றைக் கோடு மட்டும்தான். 3-க்கு அப்படிக் கால் கிடையாது, 4-க்கு உண்டு. பலகையில் இருந்தது `Fe₃O₄`.

அவள் ஏன் அப்படிப் படித்தாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. இரும்பு ஆக்சைடு என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது துரு, துரு என்றால் Fe₂O₃. முதல் எண் மங்கலாக இருந்ததும் மனம் அதை 2 என்று நிரப்பியது. முதலாவது 2 என்றானதும் இரண்டாவதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கண் பார்க்காததை மனப்பாடம் பார்த்துக்கொடுத்தது.

இந்த ஒரு கணக்கை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. சமன்பாட்டைச் சமன் செய்துவிட்டால் அது சரியென்று பொருள் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். தவறாகப் படித்த சமன்பாடும் அழகாகச் சமனாகும் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

முதலில் சரியான சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

`Fe + H₂O → Fe₃O₄ + H₂`

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பவை வினைபடுபொருள்கள், வலப்பக்கம் இருப்பவை விளைபொருள்கள். வேதிவினையில் எந்த அணுவும் புதிதாகப் பிறப்பதில்லை, எதுவும் காணாமல் போவதும் இல்லை. எனவே இரு பக்கமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது எண்ணிப் பார்த்தால் இடப்பக்கம் இரும்பு ஒன்று, வலப்பக்கம் மூன்று. ஆக்சிஜன் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் நான்கு. ஹைட்ரஜன் மட்டும் இரு பக்கமும் இரண்டு.

எங்கே தொடங்குவது? எண்கள் அதிகமாக அடைந்து கிடக்கும் சேர்மத்தைப் பிடித்துக்கொள்வது என் பழக்கம். இங்கே அது Fe₃O₄. அதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விழும். அதில் மூன்று இரும்பு இருக்கிறது, ஆகவே இடப்பக்கம் Fe-க்கு முன்னால் 3. அதில் நான்கு ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜன் வரும் வழி தண்ணீர் ஒன்றுதான், ஆகவே H₂O-வுக்கு முன்னால் 4. நான்கு தண்ணீரில் எட்டு ஹைட்ரஜன் அணுக்கள். அவை வலப்பக்கம் இரண்டிரண்டாகச் சேர்ந்து போவதால் H₂-வுக்கு முன்னால் 4.

`3Fe + 4H₂O → Fe₃O₄ + 4H₂`

தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு விடுவது நல்லது. இங்கே H₂ அப்படிப்பட்டது. அதன் முன்னால் என்ன எண் போட்டாலும் வேறு எந்தத் தனிமத்தின் கணக்கும் கெடாது. முதலிலேயே ஹைட்ரஜன் சமமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அதைத் தொடாமல் வைத்துக்கொண்டவர்கள்தான் நடுவழியில் சிக்கிக்கொள்வார்கள்.

முன்னால் போடும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். கெழுவை மாற்றலாம், காலடியில் இருக்கும் எண்ணை மாற்றக் கூடாது. கெழு என்பது எத்தனை மூலக்கூறு என்ற எண்ணிக்கை. கீழ் எண்ணோ அது என்ன பொருள் என்பதையே சொல்வது. ஆக்சிஜன் ஒன்று போதவில்லை என்று H₂O-வை H₂O₂ ஆக்கினால் அது தண்ணீர் அல்ல, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒரு கீழ் எண் மாறினால் குடிக்கிற பொருள் குடிக்கக் கூடாத பொருளாகிவிடும். படத்திலிருந்து எழுதும்போது கெழுவைத் தவறாகப் படித்தால் சமன் செய்யும்போது அது வெளியே வந்துவிடும். கீழ் எண்ணைத் தவறாகப் படித்தால்தான் பெரும்பாலும் பிடிபடாது.

இப்போது அவள் எழுதியதைப் பார்ப்போம்.

`Fe + H₂O → Fe₂O₃ + H₂`

இரண்டு இரும்பு வேண்டும், Fe-க்கு முன்னால் 2. மூன்று ஆக்சிஜன் வேண்டும், H₂O-வுக்கு முன்னால் 3. ஆறு ஹைட்ரஜன் அணு, H₂-வுக்கு முன்னால் 3.

`2Fe + 3H₂O → Fe₂O₃ + 3H₂`

அப்பழுக்கில்லாமல் சமனாகிவிட்டது. ஒரு வாத்தியார் இதை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் போடுவார்.

எல்லாத் தவறும் இப்படித் தப்பிக்காது. படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டு H₂ விழாமல் போயிருந்தால், இடப்பக்கம் இருக்கும் ஹைட்ரஜனுக்கு வலப்பக்கம் போக்கிடமே இருக்காது. எந்த எண் போட்டாலும் சமனாகாது. அப்படி ஒரு தனிமம் அம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், படம் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது ஒரு குறியீட்டைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று அறியலாம். கார்பன் மோனாக்சைடின் CO-வை Co என்று படித்தால் அது கோபால்ட் என்ற உலோகமாகிவிடும். மறுபக்கம் கோபால்ட் இல்லாததால் உடனே அகப்பட்டுக்கொள்ளும். இரு பக்கமும் அதே தனிமங்கள் இருந்து, எண் மட்டும் மாறும்போதுதான் ஆபத்து.

அடுத்து மோல். பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்கள் உண்டு. ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்கியிருப்பீர்கள். யாரும் ஆணியை ஒன்று, இரண்டு என்று எண்ணித் தருவதில்லை, எடை போட்டுத் தருகிறார்கள். ஓர் ஆணியின் எடை தெரிந்தால், பொட்டலத்தின் எடையிலிருந்து உள்ளே எத்தனை ஆணி என்று சொல்லிவிடலாம். அணுவுக்கும் அதுவே வழி. அணுவை எண்ண முடியாது, எடை போட முடியும். சமன்பாடு பேசுவது எண்ணிக்கையின் மொழி, தராசு பேசுவது எடையின் மொழி. மோல் இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிறது.

ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். டஜன் என்றால் பன்னிரண்டு என்பது போல இதுவும் ஓர் எண்ணிக்கைதான். இத்தாலியர் அவகேட்ரோவின் பெயரால் இந்த எண் வழங்குகிறது. 2019 மே 20 முதல் இது அளந்து கண்டறியும் எண்ணாக இல்லாமல், வரையறுத்து நிலைநிறுத்திய எண்ணாகிவிட்டது. பள்ளிக் கணக்குக்கு அந்த எண்ணே தேவைப்படாது என்பதுதான் இதில் நல்ல செய்தி. ஒரு மோல் இரும்பு 56 கிராம், ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு 2 கிராம். இவை தெரிந்தால் போதும்.

42 கிராம் இரும்பு எத்தனை மோல்? 42-ஐ 56-ஆல் வகுத்தால் 0.75. அதாவது முக்கால் மோல் இரும்பு.

இங்கிருந்து ஹைட்ரஜனுக்குப் போக ஒரே பாலம் சமன்பாட்டின் கெழுக்கள்தான். சரியான சமன்பாடு என்ன சொல்கிறது? மூன்று இரும்புக்கு நான்கு ஹைட்ரஜன். எனவே 0.75-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும். விடை சரியாக 1 மோல். புத்தகம் சொன்னதும் அதுவே. இவள் சமன்பாடு என்ன சொல்கிறது? இரண்டு இரும்புக்கு மூன்று ஹைட்ரஜன். 0.75-ஐ 3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 1.125. அதனால்தான் அவள் கணக்கில் எனக்குப் பிழை கிடைக்கவில்லை. வேறொரு கேள்விக்கு அவள் சரியான விடை எழுதியிருந்தாள்.

"எடையைக் கூட்டிச் சரி பாத்தா தெரிஞ்சிருக்குமா பெரியம்மா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருவரும் சேர்ந்தே போட்டுப் பார்த்தோம்.

சரியான கணக்கில் ஒரு மோல் ஹைட்ரஜன் வர ஒரு மோல் தண்ணீர் வேண்டும், அது 18 கிராம். இரும்பு 42 கிராம். உள்ளே போனது மொத்தம் 60 கிராம். வெளியே வந்தது Fe₃O₄ கால் மோல். அதன் மோலார் நிறை, மூன்று இரும்புக்கு 168-உம் நான்கு ஆக்சிஜனுக்கு 64-உம் சேர்த்து 232. அதில் கால்பங்கு 58 கிராம். ஹைட்ரஜன் 2 கிராம். கூட்டினால் 60. பொருந்துகிறது.

அவள் கணக்கில் தண்ணீர் 1.125 மோல், 20.25 கிராம். இரும்போடு சேர்த்து 62.25. வெளியே Fe₂O₃ 0.375 மோல், ஒரு மோல் 160 கிராம் என்பதால் 60 கிராம். ஹைட்ரஜன் 2.25 கிராம். கூட்டினால் 62.25. இதுவும் பொருந்துகிறது!

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எடையைக் கூட்டிப் பார்ப்பது நம் கணக்குப் பிசகா என்பதை மட்டுமே சொல்லும். அடுப்பின் மேல் குழாயில் உண்மையில் என்ன உண்டானது என்பது தாளுக்குத் தெரியாது. அதை அந்தப் பொருளிடமே கேட்க வேண்டும்.

பொருள் தெளிவாகவே பதில் சொல்கிறது. துரு சிவப்பு கலந்த பழுப்பு. நீராவி பட்ட சூடான இரும்பின் மேல் படிவதோ கறுப்பு. துருவைக் காந்தம் பெரிதாகச் சட்டை செய்யாது. இந்தக் கறுப்பு ஆக்சைடு காந்தத்தில் ஓடி வந்து ஒட்டும். கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பை அடிக்கும்போது உதிரும் கறுப்புச் செதிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதிலும் பெரும்பங்கு இந்த ஆக்சைடுதான். பூமிக்குள் கிடைக்கும்போது இதன் பெயர் மேக்னடைட். சேலம் அருகே கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாது இந்த வகைதான்.

தராசும் பதில் சொல்லும். 42 கிராம் இரும்பு முழுவதும் வினைபட்டால் Fe₃O₄ கணக்குப்படி 58 கிராம் ஆக வேண்டும், Fe₂O₃ கணக்குப்படி 60 கிராம். பள்ளி ஆய்வகத் தராசுக்கே இந்த இரண்டு கிராம் வித்தியாசம் எளிதாகத் தெரியும். பிறக்கும் வாயுவை அளந்தாலும் தெரியும். 0° செல்சியஸில் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 22.4 லிட்டர் இடம் பிடிக்கும். 1.125 மோல் என்றால் 25.2 லிட்டர்.

ஒரு நியாயமான சந்தேகம் அவளுக்கு மீதி இருந்தது. "இரும்போட இணைதிறன் 2 இல்லன்னா 3. ஆக்சிஜனோடது 2. அப்ப Fe₃O₄ எப்படி வரும்? நாலு ஆக்சிஜனுக்கு எட்டு, மூணு இரும்புக்கு எட்டை எப்படிப் பிரிக்கிறது?" வகுப்பில் இதைக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருக்கும். எட்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது, உண்மைதான். ஆனால் மூன்று இரும்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதில் இரண்டு இரும்பின் இணைதிறன் 3, ஒன்றினுடையது 2. மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. ஒரே பொருளுக்குள் இரு வகை இரும்பும் கலந்து இருக்கின்றன. இணைதிறனை வைத்துக் கீழ் எண்ணைச் சோதிப்பது மிக நல்ல பழக்கம். NaCl₂ என்றோ CaCl என்றோ மங்கிய படத்திலிருந்து எழுதினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கறுப்பு ஆக்சைடில் மட்டும் அந்தச் சோதனையை அவசரமாகச் செய்தால், சரியானதைத் தவறென்று திருத்திவிடும் அபாயம் இருக்கிறது. இவளுடைய மனம் செய்ததும் ஒருவகையில் அதுதான்.

இந்த வினைக்குப் பெரிய வரலாறு உண்டு. தண்ணீர் ஒரு தனிமம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. பாரிஸில் லவாய்சியே, மூனியே என்ற ராணுவப் பொறியாளரோடு சேர்ந்து, 1784-இல் பழுக்கக் காய்ந்த இரும்புத் துப்பாக்கிக் குழாய்க்குள் தண்ணீரைச் சொட்டச் சொட்ட விட்டார். மறுமுனையில் எரியும் வாயு வந்தது. குழாயின் உட்புறம் கறுத்துப்போய் எடை கூடியிருந்தது. எடை கூடிய அளவு, தண்ணீரிலிருந்து இரும்பு பறித்துக்கொண்ட ஆக்சிஜன். தண்ணீர் தனிமமல்ல, இரண்டு பொருள்கள் சேர்ந்தது என்பதற்கு அந்தக் கறுத்த குழாய் பெரிய ஆதாரமாயிற்று.

அவர்களுக்கு அந்த வாயு வேறொன்றுக்கும் தேவைப்பட்டது. 1783-இல் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் மனிதர்கள் பறந்துவிட்டார்கள். அமிலத்தில் இரும்பைப் போட்டு ஹைட்ரஜன் எடுக்கலாம், ஆனால் கந்தக அமிலத்துக்குக் கந்தகம் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிப் போர்க் காலத்தில் கந்தகம் வெடிமருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனவே பிரெஞ்சுப் படையின் பலூன் பிரிவினர் உலை கட்டி, குழாய்களில் இரும்பை நிரப்பிக் காய்ச்சி, நீராவி விட்டு ஹைட்ரஜன் எடுத்தார்கள். 1794 ஜூன் 26-இல் ஃப்ளூரு போர்க்களத்துக்கு மேலே நின்று எதிரிப்படையை வேவு பார்த்த பலூனுக்குள் இருந்தது, என் தங்கை மகள் கணக்குப் போட்ட அதே ஹைட்ரஜன்.

அந்த உலைக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பாடநூல் கணக்கு சொல்வதில்லை. 42 கிராம் இரும்பு போட்டால் முழு மோல் ஹைட்ரஜன் நடைமுறையில் கிடைப்பது அரிது. மேலே படியும் கறுப்புப் படலமே உள்ளேயுள்ள இரும்பை நீராவியிடமிருந்து மூடிக் காக்கத் தொடங்கிவிடும். ஆணியாகப் போட்டால் மேல்தோல் மட்டும் கறுக்கும், தூளாகப் போட்டால் கூடுதலாக வினைபடும். இது மீள்வினை என்பதும் இன்னொரு காரணம். மூடிய பாத்திரத்தில் வைத்தால், உண்டான ஹைட்ரஜனே கறுப்பு ஆக்சைடைத் தாக்கி மறுபடி இரும்பும் தண்ணீருமாக மாற்றத் தொடங்கும். இரண்டு திசையும் சமமாகி வினை பாதியில் நின்றதுபோல் ஆகிவிடும். நீராவி தொடர்ந்து ஓடி ஹைட்ரஜனை வெளியே அடித்துக்கொண்டு போனால்தான் வினை முன்னே செல்லும். சூடு மிக அதிகமானாலும் கதை மாறும். ஏறத்தாழ 570° செல்சியஸுக்கு மேல் FeO என்ற மூன்றாவது ஆக்சைடும் உண்டாகும். அது மட்டுமே உண்டானால் முக்கால் மோல் இரும்புக்கு முக்கால் மோல் ஹைட்ரஜன்தான். 'ஒரு மோல்' என்ற விடை, பலகையில் எழுதியிருந்த வினை முழுமையாக நடந்தால் கிடைக்கும் உச்ச அளவு.

விடைத்தாள் திருத்தும்போது இந்த வகைக் கணக்கில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் பிழை வேறு. மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தை மோலுக்கு மாற்றாமல் நேரடியாகக் கிராமில் போட்டுவிடுவார்கள். 42-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 56 கிராம் ஹைட்ரஜன். 56 என்பது இரும்பின் அணுநிறையாகவும் இருப்பதால் எங்கேயோ பார்த்த எண்போலத் தோன்றி, சரி என்ற நம்பிக்கையும் வந்துவிடும். இது நடக்க முடியாதது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹைட்ரஜன் இரும்பிலிருந்து வருவதல்ல, தண்ணீரிலிருந்து வருவது. 18 கிராம் தண்ணீரில் ஹைட்ரஜன் வெறும் 2 கிராம்தான். 56 கிராம் வேண்டுமானால் அரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் வினைபட வேண்டும். 42 கிராம் இரும்பு அத்தனை தண்ணீரின் ஆக்சிஜனை எங்கே வைத்துக்கொள்ளும்?

இன்னொன்று விகிதத்தைத் தலைகீழாகப் போடுவது. 0.75-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 0.5625 வரும். இதற்குக் கணக்கே போட வேண்டாம், பார்வை போதும். மூன்று இரும்புக்கு நான்கு ஹைட்ரஜன் என்றால் ஹைட்ரஜனின் மோல் இரும்பின் மோலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 0.5625 என்பது 0.75-ஐவிடக் குறைவு. அங்கேயே நிறுத்திவிடலாம்.

சில பிள்ளைகள் கெழுவையும் அணுநிறையையும் முதலிலேயே பெருக்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று இரும்பு 168 கிராம், அது நான்கு மோல் ஹைட்ரஜன் தரும், 42 என்பது 168-இல் கால்பங்கு, ஆகவே நான்கில் கால்பங்கு ஒரு மோல். மிகச் சரியான வழி. ஆனால் 168-ஆல் வகுத்துக் கால் என்று கண்டுபிடித்த பிறகு, பழக்கத்தில் மறுபடி நான்கின் கீழ் மூன்றால் பெருக்கினால் 0.333 வந்துவிடும். கெழு 3 ஏற்கெனவே 168-க்குள் போய்விட்டது, அதை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. இரண்டு வழியில் எதை எடுத்தாலும் கடைசிவரை அதிலேயே நடக்க வேண்டும்.

படத்திலிருந்து கணக்கு எழுதும் காலம் இது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தோழி அனுப்பும் படம் பெரிய உதவி. அவளிடம் நான் கேட்டுக்கொண்டது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பலகைக்கு நேரே நின்று எடுக்கச் சொல். வெளிச்சம் விழுந்தால் ஓரடி தள்ளி நின்று இன்னொரு படமும் எடுக்கச் சொல், இரண்டிலும் வெளிச்சம் ஒரே எண்ணின் மேல் விழாது. சமன்பாட்டை மட்டும் வெட்டி அனுப்பாமல் கேள்வியின் வாசகத்தோடு அனுப்பச் சொல். 'கறுப்பு நிற ஆக்சைடு' என்று கேள்வியில் ஒரு சொல் இருந்தால் மங்கிய எண்ணை அதுவே தெளிவாக்கிவிடும். நீ எழுதும்போது கீழ் எண் சந்தேகமாக இருந்தால் ஊகித்து எழுதாதே, வட்டம் போட்டு வை, மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

அரைமணி நேரம் கழித்து இன்னொரு படம் வந்தது. இந்த முறை நோட்டுக்கு நேர் மேலே பிடித்து, நிழல் விழாமல் எடுத்திருந்தாள். அதே கணக்கின் இரண்டாம் பகுதி: 42 கிராம் இரும்புக்கு 9 கிராம் நீராவி மட்டுமே கிடைத்தால் என்ன ஆகும்?

9 கிராம் நீராவி அரை மோல் என்று எழுதியிருந்தாள். நான்கு தண்ணீருக்கு மூன்று இரும்பு என்பதால் வினைபடும் இரும்பு 0.375 மோல், 21 கிராம். முதலில் தீர்ந்துபோவது நீராவி, எனவே ஹைட்ரஜன் அரை மோல், 1 கிராம். கறுப்பு ஆக்சைடு 0.125 மோல், 29 கிராம். கீழே கூட்டிப் பார்த்திருந்தாள்: போனது 42-உம் 9-உம் 51, வந்தது 29-உம் 1-உம், வினைபடாத இரும்பு 21-உம் சேர்த்து 51. Fe₃O₄-இன் 3-ஐயும் 4-ஐயும் மட்டும் மற்ற எண்களைவிடப் பெரிதாக, பென்சில் முனை பதியப் பதிய எழுதியிருந்தாள்.